உணவு 1 மணிக்கு என்று அச்சிடுவதற்கு முன்: ஒருநாள் கருத்தரங்க நிரலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் ஒருவர், தாம் ஒருங்கிணைக்கும் ஒருநாள் தேசியக் கருத்தரங்கத்தின் நிகழ்ச்சி நிரலைக் கொண்டுவந்தார். "அழைப்பிதழ் நாளை அச்சுக்குப் போகிறது, ஒருமுறை பார்த்துக் கொடுங்கள் ஐயா" என்றார். பார்த்த உடனே எனக்கு 2012இல் நான் போட்ட நிரல் நினைவுக்கு வந்துவிட்டது. அதே நான்கு அரங்குகள், அதே எட்டு எட்டுக் கட்டுரைகள், அதே பதினைந்து நிமிடத் தேநீர். அன்று நான் செய்த தவறுகள் ஒன்றுவிடாமல் அந்தத் தாளில் இருந்தன.

மைக் வேலை செய்கிறதா, ப்ரொஜெக்டர் வந்ததா, பெயர்ப்பலகையில் எழுத்துப்பிழை உண்டா என்பதையெல்லாம் யாரும் சொல்லாமலே பார்த்துக்கொள்வார்கள். நான் எழுதப்போவது நேரக் கணக்கைப் பற்றி மட்டும்.

தொடக்க விழாவை ஒரே வரியாக எழுதுவது

"9.30 – தொடக்க விழா, 10.30 – மையவுரை" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு மணி நேரத்துக்குள் என்னென்ன நடக்கும் என்று தனித்தாளில் எழுதிக் கூட்டிப் பார்ப்பதில்லை.

தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடிகள், நாட்டுப்பண் 52 விநாடிகள். இவற்றால் தாமதம் வருவதே இல்லை. நேரம் போவது இவற்றுக்கு நடுவில்தான். குத்துவிளக்கு ஏற்றும்போது மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தால் தீக்குச்சி அணையும், யாராவது ஓடிப்போய் விசிறியை நிறுத்துவார்கள், மெழுகுவத்தி ஒவ்வொரு கையாக மாறும், புகைப்படக்காரர் இன்னொரு முறை நிற்கச் சொல்வார். நான்கு நிமிடம் ஆயிற்று. மேடையில் ஒன்பது பேர் என்றால் ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, நினைவுப் பரிசு. பெயர் சொல்லி அழைத்து, போர்த்தி, படம் எடுத்து முடிய ஆளுக்கு நாற்பது விநாடி. அதில் ஆறு நிமிடம். இவை எந்த நிரலிலும் எழுதப்படுவதே இல்லை.

அதன்பின் வாழ்த்துரைகள். "இரண்டு நிமிடம் வாழ்த்திப் பேசுங்கள்" என்று நால்வரை அழைத்தால் கணக்கில் எட்டு நிமிடம். பெரியவர்களை மேடையேற்றிவிட்டு மணி அடித்து இறக்க முடியாது. ஆளுக்கு ஆறு நிமிடம் பேசினாலே இருபத்து நான்கு நிமிடம். ஆகவே வாழ்த்துரைக்கு ஒருவரைத் தவிர வேறு யாரையும் நான் இப்போது வைப்பதில்லை. மற்றவர்களின் பெயரை வரவேற்புரையில் உரிய மரியாதையோடு சொல்லலாம். சிறப்பு விருந்தினரை 9.10க்கே முதல்வர் அறைக்குத் தேநீர் அருந்த அழைத்துவிடுங்கள். விழா நேரத்தை மட்டும் சொல்லி அழைத்தால், அவருடைய கார் அந்த நேரத்துக்குத்தான் வாசலுக்கு வரும்.

தேநீரையும் உணவையும் கையிருப்பு நேரமாக நினைப்பது

பதினான்கு பதினைந்து கருத்தரங்கங்கள் நடத்திய பிறகும் எனக்கு எரிச்சல் தீராத தவறு இதுதான். "கொஞ்சம் நேரம் ஆனாலும் பரவாயில்லை, தேநீர் இடைவேளையில் சரிக்கட்டிக்கொள்ளலாம்" என்று சொல்லாத ஒருங்கிணைப்பாளரை நான் பார்த்ததில்லை. நானும் சொன்னவன்தான். அதன் விலை என்ன என்பதை 2012இல் கண்ணால் பார்த்தேன்.

அன்று வந்தவர்கள் 180 பேர். கட்டுரைகள் 64. நான்கு அரங்குகள், காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இரண்டு இணை அமர்வுகள். அரங்குக்கு அமர்வுக்கு எட்டுக் கட்டுரைகள். 90 நிமிட அமர்வில் ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் எண்பது போக, அமர்வுத் தலைவருக்குப் பத்து நிமிடம் மிச்சம். தாளில் அழகாக இருந்தது. தேநீர் 11.00, முதல் அமர்வு 11.15, உணவு 12.45, இரண்டாம் அமர்வு 1.30, நிறைவு விழா 3.15 என்று அச்சிட்டோம்.

சிறப்பு விருந்தினர் 25 நிமிடம் தாமதமாக வந்தார். வாழ்த்துரைகள் நீண்டன. தேநீர் வந்தபோது மணி 11.45. "ஐந்து நிமிடத்தில் குடித்துவிட்டு அரங்குகளுக்குப் போய்விடுங்கள்" என்று நான் மைக்கில் அறிவித்தேன். தேநீர் ஊற்ற ஒரே ஒரு மேசை. ஒருவர் கைக்கு ஒரு குவளை போக ஐந்து விநாடி என்று வைத்தாலும் நிமிடத்துக்குப் பன்னிரண்டு பேர். 180 பேருக்குப் பதினைந்து நிமிடம். அதாவது நான் முதலில் அச்சிட்டிருந்த பதினைந்து நிமிடமே, கடைசி ஆள் கையில் குவளையை வாங்கும் நேரம்தான். குடிப்பதற்கும், கழிவறைக்குப் போவதற்கும், மாடியிலுள்ள அரங்கைத் தேடிப் போவதற்கும் அதில் இடமே இல்லை. அப்படிப்பட்ட இடைவேளையிலிருந்து பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு நிமிடம்கூட எடுக்க முடியவில்லை. மூன்றாம் அரங்கு 11.55க்குத் தொடங்கியது, முதல் அரங்கு 12.00க்கு, மாடியிலிருந்த நான்காம் அரங்கு 12.15க்கு.

அடுத்தது கட்டுரைக் கணக்கு. பத்து நிமிடக் கட்டுரை பத்து நிமிடத்தில் முடிவதில்லை. பெயரையும் தலைப்பையும் படித்து அழைக்க வேண்டும், அவர் எழுந்து வர வேண்டும், பென் டிரைவைச் செருக வேண்டும். அன்று பலர் பழைய எழுத்துருக்களில் பவர்பாயிண்ட் செய்துகொண்டு வந்திருந்தார்கள். அரங்கக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால் திரை முழுக்கப் புரியாத குறிகள். இதற்கெல்லாம் இரண்டு நிமிடம். வாசிப்பு பன்னிரண்டு நிமிடம், கேள்விகள் மூன்று நிமிடம். ஒரு கட்டுரைக்குப் பதினேழு நிமிடம் வைத்தால் எட்டுக் கட்டுரைக்கு 136 நிமிடம். நான் ஒதுக்கியது 90. அழைப்பிதழ் அச்சான அன்றே அந்த அமர்வு 46 நிமிடம் தாமதமாகிவிட்டது.

முதல் அரங்கின் தலைவர் கண்டிப்பானவர். ஒவ்வொருவரையும் பாதியில் நிறுத்தி 1.25க்கு முடித்துவிட்டார். மூன்றாம் அரங்கின் தலைவர் இளகிய மனம் கொண்டவர், யாரையும் நிறுத்தவில்லை. அங்கே 2.10க்குத்தான் முடிந்தது. உணவுக்கூடத்தில் அறுபது பேர் அமரலாம். இலை போட்டு, பரிமாறி, எழுந்து, துடைத்து அடுத்த பந்திக்குத் தயாராக இருபத்தைந்து நிமிடம் ஆகும். 180 பேருக்கு மூன்று பந்தி, 75 நிமிடம். நான் கொடுத்திருந்தது 45. முதல் அரங்கு சாப்பிட்டுவிட்டு 2.15க்கு மாலை அமர்வைத் தொடங்கியபோது, அந்த அமர்வில் கட்டுரை வாசிக்க வேண்டிய இருவர் மூன்றாம் அரங்கிலிருந்து அப்போதுதான் பந்திக்கு வந்து கைகழுவிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் அரங்கின் மாலை அமர்வு 2.55க்குத் தொடங்கியது. விருந்தினர் புறப்பட வேண்டும் என்பதால் நிறைவு விழாவை 4.15க்குத் தொடங்கிவிட்டோம். அரங்கில் இருந்தவர்கள் சான்றிதழ் வாங்க எழுந்து போய்விட்டார்கள். அந்த அரங்கின் கடைசிக் கட்டுரை, திருநெல்வேலியிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வந்த ஆய்வு மாணவி ஒருவருடையது. நிரலில் அவருக்கு 2.50 என்று நேரம் போட்டிருந்தேன். அவர் வாசிக்கத் தொடங்கியது 4.50க்கு. கேட்டவர்கள் ஐந்து பேர், அவர்களில் ஒருவர் நாற்காலிகளை அடுக்க வந்தவர். நான்கு நிமிடத்தில் முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். கையிலிருந்த தாள்களைப் புரட்டிப் புரட்டி எதை விடுவது என்று தெரியாமல் அவர் நின்றதை நான் கதவருகில் நின்று பார்த்தேன். விருந்தினர் தாமதமாக வந்தார் என்று மறுநாள் எல்லோரிடமும் சொன்னேன். விருந்தினர் எடுத்தது 25 நிமிடம். அந்த மாணவியின் இரண்டு மணி நேரத்தை எடுத்தது நான் போட்ட நிரல்.

இணை அமர்வுகளில் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் கையிருப்பு நேரத்தை எங்கே வைப்பது என்பது தானாகவே தெரிந்துவிடும். எல்லோரும் ஒரே அரங்கில் இருக்கும்போது ஏற்படும் தாமதம் எல்லோரையும் தாக்கும். நான்கு அரங்குகளாகப் பிரிந்தபின், ஓர் அரங்கின் தாமதம் அந்த அரங்கோடு நிற்கும். ஆனால் எல்லோரும் மறுபடி ஒன்றுகூடும் இடம் வரைக்கும்தான். அங்கே எல்லோரும் கடைசி அரங்குக்காகக் காத்திருக்க வேண்டும். ஓர் அரங்கு நான்கில் மூன்று முறை நேரத்துக்கு முடியும் என்று வைத்துக்கொள்வோம். அது மோசமில்லை. ஆனால் நான்கு அரங்குகளும் சேர்ந்து நேரத்துக்கு முடிவது முக்கால் பெருக்கல் முக்கால் என்று நான்கு முறை பெருக்கினால் வரும் அளவுதான். மூன்றில் ஒரு முறைகூடத் தேறாது. எட்டு அரங்கு வைத்தால் பத்தில் ஒரு முறை. அரங்கைக் கூட்டக் கூட்ட, ஒன்றுகூடும் இடத்தில் தாமதம் வருவது ஏறக்குறைய உறுதி.

ஆகவே கையிருப்பு நேரத்தை ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று தூவிவிடக் கூடாது. அப்படித் தூவினால் பேச்சாளர்கள் தெரியாமலே அதைக் கரைத்துவிடுவார்கள். ஒன்றுகூடும் மூன்று இடங்களுக்கு முன்னால் மொத்தமாக வைக்க வேண்டும்: மையவுரை முடிந்து தேநீருக்கு முன், காலை அமர்வு முடிந்து உணவுக்கு முன், மாலை அமர்வு முடிந்து கடைசித் தேநீருக்கு முன். மூன்றிலும் பதினைந்து பதினைந்து நிமிடம். இடைவேளைக்கு உரிய நேரம் இடைவேளைக்கே. அதைத் தொடக் கூடாது.

இப்போது நான் கையாளும் நிரல் இது. நான்கு அரங்குகள், 40 கட்டுரைகள், சுமார் 120 பேர்.

9.00 பதிவு, தேநீர்
9.30 தொடக்க விழா
10.20 மையவுரை
10.55 கையிருப்பு
11.10 தேநீர்
11.35 முதல் இணை அமர்வு
1.05 கையிருப்பு
1.20 உணவு
2.20 இரண்டாம் இணை அமர்வு
3.50 கையிருப்பு
4.05 தேநீர்
4.20 நிறைவு விழா
4.50 நிறைவு

ஒரு 90 நிமிட அமர்வில் ஐந்து கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் வாசிக்கப் பத்து, கேள்விக்கு மூன்று, ஆள் மாறவும் கணினி மாறவும் இரண்டு நிமிடம், ஆகப் பதினைந்து. ஐந்துக்கும் 75. தலைவர் தொடங்கி வைக்க மூன்று நிமிடம், தொகுத்துச் சொல்ல ஐந்து. 83 ஆயிற்று. மீதி ஏழு நிமிடத்தை நீளும் கேள்விகளுக்கு விட்டுவிடலாம். உணவுக்கூடத்தில் அறுபது பேர் என்றால் இரண்டு பந்தி, ஐம்பது நிமிடம். உணவு நேரத்தில் பத்து நிமிடம் மூச்சுவிட இடமிருக்கும். இன்னொன்றும் செய்யலாம். முதலில் முடியும் இரண்டு அரங்குகளுக்கு முதல் பந்தி, அடுத்த இரண்டுக்கு இரண்டாம் பந்தி என்று வைத்தால், நான்கு அரங்கும் ஒரே நேரத்தில் முடிய வேண்டிய தேவையே உணவு நேரத்துக்கு இல்லாமல் போகிறது. தேநீருக்கு மூன்று மேசைகள் போட்டு, மையவுரையின் கேள்வி நேரத்திலேயே குவளைகளில் ஊற்றத் தொடங்கச் சொல்லிவிடுவேன்.

64 கட்டுரைகள் வந்திருந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நேரம் நாற்பதுக்குத்தான் இருக்கிறது. மீதி 24 கட்டுரைகளைத் தொகுப்பு நூலில் மட்டும் அச்சிடலாம், அல்லது அட்டைகளில் எழுதித் தேநீர்க்கூடத்துச் சுவரில் வைத்து, கட்டுரையாளரை அருகில் நின்று விளக்கச் சொல்லலாம். இதை முன்கூட்டியே கடிதத்தில் தெரிவிக்க வேண்டும். வாசிக்க வைக்கிறேன் என்று அழைத்துவிட்டு நான்கு நிமிடம் கொடுப்பதைவிட இது மரியாதையான செயல்.

கையிருப்பு நேரத்தை அச்சிட்டு ஊருக்கே சொல்வது

மேலே நான் கொடுத்தது அமைப்பாளர்களின் பிரதி. பங்கேற்பாளர்களுக்குப் போகும் பிரதியில் "கையிருப்பு" என்ற வரிகள் இருக்காது. அதில் தொடங்கும் நேரங்கள் மட்டும் இருக்கும்: 10.20 மையவுரை, 11.10 தேநீர். முடியும் நேரத்தை அச்சிடாவிட்டால் இடையிலுள்ள பதினைந்து நிமிடம் யார் கண்ணுக்கும் படாது. ஆனால் மையவுரையாளருக்கு எழுதும் கடிதத்தில் "30 நிமிட உரை, 5 நிமிடக் கேள்வி நேரம்" என்று தெளிவாகக் குறிப்பிட்டுவிட வேண்டும். இல்லையென்றால் தேநீர் 11.10க்குத்தானே என்று அவரும் கணக்கிட்டுக்கொள்வார்.

எல்லாம் நேரத்துக்கு முடிந்து கையிருப்பு மிஞ்சினால் தேநீரை முன்னதாகக் கொடுங்கள். அடுத்த அமர்வை மட்டும் ஒரு நிமிடம்கூட முன்னதாகத் தொடங்காதீர்கள்.

வராதவரின் இடத்தை நிரப்பி வரிசையை முன்னே இழுப்பது

மூன்றாவது கட்டுரையாளர் வரவில்லை. அமர்வுத் தலைவர் நான்காமவரை அழைத்துவிடுகிறார். ஒரே அரங்கு நடக்கும் நிகழ்ச்சியில் இது சரியான முடிவு. இணை அமர்வில் அப்படியில்லை. 12.23க்கு வாசிக்கப்பட வேண்டிய கட்டுரைக்காகப் பக்கத்து அரங்கிலிருந்து ஒருவர் நேரம் பார்த்து எழுந்து வருகிறார். வந்து கதவைத் திறக்கும்போது கைதட்டல் கேட்கிறது. கட்டுரை முடிந்துவிட்டது. நிரலில் கட்டுரைவாரியாக நேரம் போடுவதே இப்படி அரங்கு மாறிக் கேட்பவர்களுக்காகத்தான்.

வராதவரின் பதினைந்து நிமிடத்தை முந்தைய இரண்டு கட்டுரைகள் பற்றிய கலந்துரையாடலுக்குக் கொடுங்கள். அவையில் பேச்சில்லை என்றால் சும்மா இருங்கள். இதை அமர்வுத் தலைவருக்கு அன்று காலையில் வாய்மொழியாகச் சொன்னால் நினைவிருக்காது. அவருடைய கோப்பின் முதல் பக்கத்தில், ஒவ்வொரு கட்டுரையும் தொடங்கும் நேரத்துக்கு மேலே, "வரிசையை முன்னே இழுக்க வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு வையுங்கள்.

ஒருவர் பெயர் ஒரே நேரத்தில் இரண்டு அரங்குகளில்

முதல் ஆசிரியர் பெயரை மட்டும் பார்த்தால் தெரியாது. இணை ஆசிரியர்களையும் அமர்வுத் தலைவர்களையும் சேர்த்துத் தேடுங்கள்.

சான்றிதழை மேடையில் ஒவ்வொருவராக வழங்குவது

40 பேருக்கு ஆளுக்கு அரை நிமிடம் என்றால் 20 நிமிடம். அமர்வு முடிவில் அந்தந்த அரங்கிலேயே தலைவர் கையால் கொடுத்துவிடுங்கள்.

கிழமையைப் பார்க்காமல் நேரம் குறிப்பது

நம் ஊரில் கருத்தரங்கங்கள் பெரும்பாலும் வெள்ளி அல்லது சனிக்கிழமைகளில் வருகின்றன. சனிக்கிழமை 9.00 முதல் 10.30 வரை ராகு காலம். எனக்கு அதில் கருத்து ஏதும் இல்லை. ஆனால் நிர்வாகத்தினர் சிலருக்கு இருக்கிறது. ஒரு கல்லூரியில் 9.30 விழாவுக்கு எல்லோரும் அமர்ந்தபின், "விளக்கை மட்டும் பத்தரைக்கு மேல் ஏற்றலாம்" என்று செய்தி வந்தது. 200 பேர் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். முன்பே கேட்டிருந்தால் விளக்கேற்றுவதை 8.50க்கு வைத்துவிட்டு, விழாவை 9.30க்குத் தொடங்கியிருக்கலாம். வெள்ளிக்கிழமை என்றால் 10.30 முதல் 12.00 வரை. அதைவிட முக்கியமாக, ஜும்ஆ தொழுகைக்குச் செல்பவர்கள் இருப்பார்கள். அருகிலுள்ள பள்ளிவாசலில் தொழுகை எத்தனை மணிக்கு என்று கேட்டு உணவு இடைவேளையை அதற்குப் பொருத்துங்கள். அந்த நேரத்தில் அவர்களுடைய கட்டுரையைப் போடாதீர்கள்.

திரும்பும் ரயிலைக் கேட்காமல் வரிசை போடுவது

ஓர் அரங்குக்குள் யார் முதலில், யார் கடைசியில் என்பதை நாம் பெரும்பாலும் கட்டுரை வந்து சேர்ந்த வரிசைப்படியோ தலைப்பின் அகரவரிசைப்படியோ போட்டுவிடுகிறோம். பதிவுப் படிவத்தில் "எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், திரும்பும் ரயில் அல்லது பஸ் எத்தனை மணிக்கு" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். தொலைவிலிருந்து வருபவர்களைக் காலை அமர்வில் இரண்டாவது, மூன்றாவது இடங்களில் வைக்கலாம். முதல் இடம் வேண்டாம். இரவுப் பயணம் முடித்து வருபவருக்குக் குளித்துவிட்டு வரவும் நேரம் வேண்டும். மாலை அமர்வின் கடைசி இடங்களை உள்ளூர்க்காரர்களுக்கும் எங்கள் துறை ஆய்வாளர்களுக்கும் கொடுக்கிறேன்.

சென்ற மாதம் வந்த அந்த இளம் பேராசிரியரின் நிரலில் மூன்றாம் அரங்கு, மாலை அமர்வு, எட்டாவது கட்டுரை என்ற இடத்தில் நாகர்கோவிலிலிருந்து வரும் ஒருவர் பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, காலை அமர்வின் இரண்டாவது இடத்துக்கு ஓர் அம்புக்குறி வரைந்து கொடுத்தேன். அழைப்பிதழை அச்சுக்கு அனுப்புவதை அவர் மூன்று நாள் தள்ளிவைத்திருக்கிறார்.